"உங்க பேர்ல வீடு இருக்கா?"

என் தோழிகள் சிலர் ஒரே கேள்வியோடு எனக்கு வாட்சாப் செய்கிறார்கள். "இப்பதான்டி முதல் தடவையா பார்த்தோம். சாப்பாடு வர்றதுக்குள்ள சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுட்டான். வேலை பெர்மனென்ட்டா, வீட்ல யார் யார் இருக்காங்கன்னு அடுத்தடுத்து கேட்டான். இவன் என்னைப் பிடிச்சுப்போய் கேட்கிறானா, விலை பார்க்கிறானா?" நான் மலேசியாவில் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை செய்கிறேன். பிறர் சம்பளச் சீட்டுகளோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவள் என்பதால் இதற்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

ஓரளவு இருக்கிறது. சம்பளம் கேட்டார் என்பதை மட்டும் வைத்து ஒருவரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. நாம் பதில் சொன்ன பிறகு அவர் அடுத்து என்ன கேட்கிறார், தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். கேட்கும்போது மிக மோசமாக ஒலிக்கும் கேள்வி அக்கறையில் பிறந்ததாக இருக்கலாம். தேன் தடவினாற்போல் வரும் கேள்வி நம்மை அளப்பதற்கென்றே வந்திருக்கலாம். இரண்டையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த விசாரிப்பு ஒன்றும் புதிதில்லை. என் பாட்டி காலத்தில் தோட்டத்தில் யாரும் யாரிடமும் சம்பளம் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரே லயத்தில் இருப்பவர்கள், ஒரே மாதிரி பால் மரம் வெட்டுகிறவர்கள். யார் வீட்டில் எத்தனை வாய், யாருக்குக் கடன், யார் கள்ளுக்கடையில் கணக்கு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தோட்டங்கள் துண்டாகி மக்கள் செந்தூலுக்கும் பூச்சோங்குக்கும் கிள்ளானுக்கும் வந்த பிறகு விசாரிக்கும் வேலை அத்தைகள் கைக்குப் போனது. பையன் என்ன வேலை, குடிப்பழக்கம் உண்டா, அக்கா தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அத்தை பத்துப் பேரிடம் கேட்டு வந்து அம்மாவிடம் சொல்வார். நமக்குத் தெரிவதற்குள் பாதிப் பேரை அத்தையே கழித்துவிட்டிருப்பார். இப்போது செயலியிலோ நண்பர் வழியாகவோ நாமே ஆளைப் பார்த்துப் பழகுகிறோம். நடுவில் அத்தை கிடையாது. அன்று நம் காதில் விழாமல் கேட்கப்பட்ட கேள்விகளை இன்று எதிரில் இருப்பவரே நம் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். குத்துவது அதனால்தான். கேட்பவருக்கும் அது கூச்சமாகத்தான் இருக்கும். அத்தையின் சாமர்த்தியம் எல்லாருக்கும் வந்துவிடாது.

இப்போது நான் பழகிக்கொண்டிருப்பவரை முதலில் சந்தித்தது பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். ஷிப்ட் முடிந்து கிள்ளானிலிருந்து கோமுட்டர் பிடித்து வந்திருந்தார். ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு மாசம் எவ்வளவு வரும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "எனக்கு ஐயாயிரத்து இருநூறு வெள்ளி வரும். ஆனா அதுல பேசிக் மூவாயிரத்து நானூறுதான். மீதி ஓவர்டைம். மூணு மாசத்துக்கு முன்னால ஆர்டர் கொறஞ்சப்ப ஓவர்டைமே இல்ல. அதனால ஐயாயிரம்னு சொல்லிக்க எனக்குப் பிடிக்காது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். சம்பளப் பிரிவில் இருப்பவளுக்கு இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை விஷயம் இருக்கிறது என்பது உடனே புரியும். கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். வருமானத்தைப் பற்றிய கேள்வி எங்கே உண்மையாகத் தொடங்குகிறது என்பது இதில்தான் இருக்கிறது.

எனக்கும் மாதம் 5,200 வெள்ளிதான். என்னுடையது முழுக்க அடிப்படைச் சம்பளம். அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 572 வெள்ளி பிடிப்பார்கள். ஐயாயிரத்துக்கு மேல் சம்பளம் என்பதால் முதலாளி 12 விழுக்காடு, 624 வெள்ளி போடுவார். மாதம் 1,196 வெள்ளி என் பேரில் சேர்கிறது. அவருக்கும் அதே 5,200 தான். ஆனால் ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி கிடையாது. 3,400-க்கு மட்டும்தான் கணக்கு. அவர் பங்கு 374, முதலாளி 13 விழுக்காடு போட்டு 442, ஆக 816 வெள்ளி. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேருக்கு மாதம் 380 வெள்ளி வித்தியாசம். ஓய்வுபெறும் வயதில் இது பெரிய தொகையாக நிற்கும்.

கையில் வருவதைப் பார்த்தால் கதை தலைகீழ். எனக்குச் சேமநிதி, சொக்சோ, வேலைக் காப்புறுதி, வருமான வரிப் பிடித்தம் எல்லாம் போகச் சுமார் 4,470 வெள்ளி. அவருக்குச் சேமநிதியில் குறைவாகப் பிடிப்பதால் 4,670 அளவுக்கு வரும். கையில் வாங்கும் பணத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கிறவருக்கு அவர்தான் வசதியானவர் என்று தோன்றும். தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது ஓவர்டைமில். அந்த மாதம் அவர் 3,400 வெள்ளிக்காரர். வங்கிக்கும் இது தெரியும். கடன் கேட்டுப் போனால் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் சேமநிதி அறிக்கையையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இதையெல்லாம் அவராகவே, நான் கேட்காமலே, என் தொகை தெரிவதற்கு முன்பே சொன்னார். நான் கவனித்த முதல் விஷயம் அதுதான். விலை பார்க்க வருகிறவர் தன் கணக்கில் பலவீனமான இடத்தை முதலில் எடுத்து வைக்க மாட்டார்.

நானும் என் தொகையைச் சொன்னேன். அப்போது வந்தது அந்தக் கேள்வி.

"உங்க பேர்ல வீடு இருக்கா?"

உண்மையைச் சொல்கிறேன், இது எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வரச் சொல்லியிருப்பார். பெண்ணிடம் சொத்து இருக்கிறதா என்று விசாரிக்கிறவன் என்று எடுத்துக்கொள்வதுதான் எளிது. என் முகம் மாறியதை அவரும் பார்த்திருக்க வேண்டும். "இருக்கணும்னு கேக்கல. இருந்தா சிக்கல்னு கேக்கறேன். என் நண்பனுக்கு அப்படித்தான் ஆச்சு," என்றார்.

அந்தச் சிக்கல் எனக்குத் தெரியும். ஏனென்றால் என் பேரில் ஒரு வீடு இருக்கிறது, ஆனால் அது என் வீடு இல்லை. ரவாங்கில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் வீடு. வாங்கும்போது அப்பாவுக்கு 57 வயது. வீட்டுக் கடனை வங்கிகள் பொதுவாக 35 ஆண்டுக்குத் தருகின்றன, அல்லது கடன் வாங்குபவருக்கு 70 வயது ஆகும்வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை. அப்பா பேரில் எடுத்திருந்தால் 13 ஆண்டுகள்தான். கடன் 180,000 வெள்ளி. வட்டி 4 விழுக்காடு என்று வைத்தால் மாதத் தவணை 1,480 வெள்ளி வரும். அதையே 35 ஆண்டுக்கு எடுத்தால் 800 வெள்ளிக்குள் அடங்கும். அதனால் கடன் என் பேரில், பட்டாவில் அப்பா பேரும் என் பேரும். தவணையை மாதா மாதம் கட்டுவது அப்பாவும் தம்பியும். நான் ஒரு காசு கட்டியதில்லை. நம் குடும்பங்களில் இது சர்வ சாதாரணம். முதலில் நிரந்தர வேலைக்குப் போன பிள்ளையின் பேரில்தான் குடும்ப வீடு நிற்கும்.

வங்கி இதை எப்படிப் பார்க்கும் என்பதுதான் விஷயம். நான் எவரோடாவது சேர்ந்து ஒரு வீடு வாங்கப் போகிறேன் என்று வையுங்கள். செமினி பக்கம் 450,000 வெள்ளிக்கு ஒரு தரை வீடு. 90 விழுக்காடு கடன் என்றால் 405,000. அதே 4 விழுக்காட்டில் 35 ஆண்டுக்கு மாதம் ஏறத்தாழ 1,790 வெள்ளி தவணை. எனக்குக் காடிக் கடன் 620, பிடிபிடிஎன் கல்விக் கடன் 180. என் தனிச் சம்பளத்தில் இந்த மூன்றையும் கூட்டினால் 2,590. கையில் வரும் 4,470-இல் இது 58 விழுக்காடு. இறுக்கம்தான், ஆனால் பேசிப் பார்க்கலாம். ரவாங் வீட்டின் 800 வெள்ளியும் சேர்ந்தால் 3,390, அதாவது 76 விழுக்காடு. பெரும்பாலான இடங்களில் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்பா கட்டுகிறார், தம்பி கட்டுகிறான் என்று சொல்லிப் பயனில்லை. பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் அது என் கடன்.

அதோடு முடியவில்லை. வீடு வாங்கும்போது முதல் வீட்டுக்குக் கிடைக்கும் முத்திரை வரிச் சலுகை எனக்கு இல்லை, ஏனென்றால் என் பேர் ஏற்கெனவே ஒரு பட்டாவில் இருக்கிறது. இரண்டாவது வீடு வரைக்கும் 90 விழுக்காடு கடன் கேட்கலாம். நடைமுறையில் மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 விழுக்காடுதான் உச்சம். செமினி வீடு என் பேரிலும் ஆகிவிட்டால், நாளைக்குத் தம்பிக்காகக் கையெழுத்துப் போட எனக்கு இடம் இருக்காது.

ஆகவே "உங்க பேர்ல வீடு இருக்கா?" என்ற கேள்விக்கு இருக்கிறது என்று சொல்லும் பெண்ணால் அவருக்கு ஆதாயம் எதுவும் இல்லை, சங்கடம்தான் கூடுகிறது. சொத்துக்கு ஆசைப்பட்டுக் கேட்கிறவர் ஆம் என்ற பதிலில் மகிழ்வார். இவர் ஆம் என்றதும் யோசித்தார். பிறகு கேட்டார்: "தம்பி வேலை கன்பர்ம் ஆயிட்டா கடனை அவர் பேருக்கு மாத்தலாமா?" எனக்கும் அதே யோசனை உண்டு, வீட்டில் இன்னும் பேசவில்லை என்றேன். அவரும் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். அம்மா அவரோடு இருக்கிறார். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் மாதம் 700 வெள்ளி. அது எந்த வங்கிப் பதிவிலும் தெரியாது, ஆனால் அவர் கையைவிட்டுப் போகும் பணம். இன்னும் இரண்டு ஆண்டுக்கு அதில் கை வைக்க முடியாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இதைத்தான் நான் நடைமுறை அக்கறை என்கிறேன். அந்த மேசையில் இரண்டு பேரின் கணக்கும் திறந்திருந்தது. சம்பளம் எவ்வளவு என்பது ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் யாருக்கு யார் எவ்வளவு தர வேண்டியிருக்கிறது, அது எப்போது முடியும் என்பதில்தான் போனது. நம்மவர்கள் பேச்சில் சொல்வதுபோல, கமிட்மென்ட். வருமானத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கமிட்மென்டைக் கேட்காதவர் சேர்ந்து வாழ்வதைப் பற்றி யோசிக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். சேர்ந்து வாழப் போகிறவருக்கு 5,200 என்ற தொகையால் ஒரு பயனும் இல்லை. எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதில்தான் குடித்தனம் நடக்கும்.

இனி இன்னொருவர். இவருக்கு முன்னால் சந்தித்தவர். பங்சாரில் ஒரு காபிக் கடை. நல்ல பேச்சு, நல்ல பழக்கம், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரவே செய்தார். இவர் சம்பளம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "உங்க லைன்ல நல்லா தர்றாங்களாமே?" என்றார். "பெரிய கம்பெனிதானே, போனஸெல்லாம் எப்படி?" என்றார். "அப்பா ரிட்டயர் ஆயிட்டாரா, பென்ஷன் இருக்குமே?" என்று அக்கறையாக விசாரித்தார். அப்பா தனியார் துறையில் இருந்தவர், பென்ஷன் கிடையாது என்றேன். "ஓ," என்றார். சிறிது நேரம் கழித்து வேறு பேச்சின் நடுவில், "அப்போ அப்பா அம்மாவை நீங்கதான் பார்த்துக்கிறீங்களா?" என்று அதே இடத்துக்கு இன்னொரு வழியாக வந்தார்.

அப்போது என் வேலை ஓராண்டு ஒப்பந்தம். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அதைச் சொன்னதும், "எங்க வீட்ல கொஞ்சம் ஸ்டேபிளா எதிர்பார்ப்பாங்க" என்றார். உங்களுக்கு எப்படி என்று நான் திருப்பிக் கேட்டேன். "நமக்கென்ன, ஓடிக்கிட்டிருக்கு" என்று சிரித்தார். எங்கே வேலை என்று சொன்னார், எவ்வளவு என்பதையோ என்னென்ன கடன் என்பதையோ கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

அவர் குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. ஒரு கேள்வியும் முரட்டுத்தனமாக இல்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பி வரும்போது எனக்கு நேர்காணல் முடிந்து வந்த களைப்பு. என்னைப் பற்றி அவருக்கு நிறையத் தெரியும், அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்ன பதில் எதுவும் அடுத்த பேச்சுக்கு வழி திறக்கவில்லை. ஒவ்வொரு பதிலும் அவர் மனதில் இருந்த ஏதோ ஒரு பட்டியலில் சரி, தவறு என்று குறியிடப்பட்டது. ஒப்பந்த வேலை என்றால் எப்போது நிரந்தரமாகும், முன்பு எத்தனை முறை புதுப்பித்தார்கள், அந்த வேலையே போனால் வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கலாம். ஒப்பந்தம் என்பது மலேசியாவில் யாருக்கும் புதிது இல்லை. 2021-இல் அரசாங்க மருத்துவர்களே ஒப்பந்த முறையை எதிர்த்துக் கறுப்பு உடையில் வெளியே வந்து நின்றார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு கணக்காளர், நிரந்தரத்தில் இருக்கும் வேறொருவரைவிட எளிதாக அடுத்த வேலையைப் பிடித்துவிடலாம். அவருக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை. 'பெர்மனென்ட் இல்லை' என்பதோடு கணக்கு முடிந்தது. அடுத்த வாரமே அவருடைய செய்திகள் ஒரு சொல், இரு சொல் என்று சுருங்கி நின்றுவிட்டன.

தோழிகளிடம் நான் சொல்வது இதுதான்: உனக்குப் பாதகமான உண்மை ஒன்றைச் சீக்கிரமே சொல்லிவிடு. ஒப்பந்த வேலை, அப்பாவின் மருத்துவச் செலவு, தம்பிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, எதுவானாலும் சரி. சோதனைக்காகக் கட்டிச் சொல்லாதே, உள்ளதைச் சொல். அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் அந்தச் சிக்கலைப் பற்றி மேலும் ஒரு கேள்வி கேட்கிறாரா, உன்னைப் பற்றி ஒரு முடிவெடுக்கிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஜாமீன் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு தோழியைச் சந்தித்தவர், "யாருக்காவது கேரண்டர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாராம். அவள் கொதித்துப்போனாள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. சொந்தக்காரர் காடி வாங்க, கல்விக் கடன் எடுக்க என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோன குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 2017-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஆதாயம் எதுவும் இல்லாமல் கல்விக் கடனுக்கோ, சொந்த உபயோகக் காடிக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்டு வழக்குப் போடுவதை அது தடுக்கவில்லை. கல்யாணமான மறுவருடம் பழைய ஜாமீன் ஒன்று வீட்டு வாசலில் வந்து நின்றால் அது இரண்டு பேரின் பிரச்சினை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள நினைப்பவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று அவள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குடும்பத்தைப் பற்றிய கேள்விகளில் மட்டும் எனக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டில் யார் யார், யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அம்மாவுக்கு டயலிசிஸ் இருக்கிறதா, தம்பி வேலைக்குப் போகிறானா என்பவை நாளைக்கு ஒரே கூரையின்கீழ் நடக்கப்போகிறவை. கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். "அப்பா பக்கம் தமிழ்நாட்டுல எந்த ஊர்?" என்ற கேள்வி வேறு வகை. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக யாரும் அந்த ஊரைப் பார்த்தது கிடையாது. அந்த ஊரில் எங்களுக்கு நிலமும் இல்லை, கடனும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு எந்தக் குடித்தனக் கணக்கையும் போட முடியாது. அந்தக் கேள்வி தேடுவது சாதியை. "எங்க ஆயாவும் அந்தப் பக்கம்தான், அதான் கேட்டேன்" என்று சமாளிப்பார்கள். "குலதெய்வம் எது?" என்று இன்னும் மெதுவாகவும் வருவார்கள். தோட்டத்தில் ஒரே லயத்தில் இருந்தும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கச் சண்டை போட்ட வரலாறு நம்முடையது. அது இங்கே காபிக் கடை மேசை வரைக்கும் வந்திருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. இந்த இடத்தில் அக்கறையா, மதிப்பீடா என்று நான் யோசிப்பதே இல்லை. இது மதிப்பீடு. அதுவும் நாம் சம்பாதித்ததையோ செலவழித்ததையோ வைத்து அல்லாமல், பிறப்பை வைத்து. "தெரியாது, எனக்கு ரவாங்தான் ஊர்" என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். அதற்குமேல் தோண்டுகிறவரை மறுபடி சந்திப்பதில்லை.

பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் ஒன்றும் இருக்கிறது: "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவீங்கதானே?" என் அம்மா காலத்தில் இதற்குப் போகாதே என்று பொருள். இப்போது பெரும்பாலும் போயாக வேண்டும் என்று பொருள். செமினி வீட்டுக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும், ஒரு சம்பளத்தில் அது நிற்காது. இந்தக் கேள்விக்கு நான் நேரடியாக இன்னொரு கேள்வியைத்தான் பதிலாகத் தருவேன். பிரசவ விடுப்பு 98 நாள். 2023-இலிருந்து தனியார் துறைக்கும் அதுதான் சட்டம். தகப்பனுக்கு 7 நாள். தொண்ணூற்று ஒன்பதாவது நாள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? இதற்குப் பதில் யோசித்து வைத்திருப்பவர் உங்கள் வேலையைப் பற்றிக் கேட்க உரிமை உள்ளவர். பிரிக்ஃபீல்ட்ஸில் சந்தித்தவரிடம் இதைக் கேட்டபோது, "ஷிப்ட் மாத்திக்கிட்டா பகல்ல நான் வீட்ல இருக்கலாம். ஆனா ஷிப்ட் அலவன்ஸ் அடிபடும்" என்றார். கச்சிதமான பதில் இல்லை. ஆனால் அந்த நாள் எப்படி விடியும் என்று நினைத்துப் பார்த்தவரின் பதில்.

கேட்டவுடன் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. முதல் சந்திப்பில் நான் தோராயமாகத்தான் சொல்வேன்: ஐயாயிரத்தை ஒட்டி, அதில் கடனுக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு. சம்பளச் சீட்டையோ சேமநிதி அறிக்கையையோ படம் பிடித்து யாருக்கும் அனுப்ப மாட்டேன். ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே, செயலியிலேயே, சேமநிதியின் மூன்றாவது கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பவர் அக்கறையிலும் கேட்கவில்லை, மதிப்பிடவும் கேட்கவில்லை. எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய பணம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்கிறார். அங்கே பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

சான்றுகளுக்கு நேரம் பிறகு வரும். சேர்ந்து கடன் எடுப்பது என்று முடிவானால் அப்போது இரண்டு பேரும் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை எடுத்து, ஒரே மேசையில், ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காசு செலவில்லை. கூட்டாக எடுத்த வீட்டுக் கடனில் ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர் முழுக் கடனுக்கும் பொறுப்பு, பாதிக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. கடன் அட்டையில் எட்டாயிரம் நிலுவை வைத்திருப்பவர் அதை வாயால் சொல்லக் கூச்சப்படலாம். அறிக்கை கூச்சப்படாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நடைமுறை அக்கறையோடு கேட்கிறவரும் கடைசியில் வேண்டாம் என்று சொல்லலாம். தங்கையின் கட்டணம், அம்மாவின் மருந்து, ரவாங் வீடு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, நம் இருவராலும் இது முடியாது என்று ஒருவர் விலகினால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த உரிமை எனக்கும் இருக்கிறது. அவருடைய ஓவர்டைம் நின்றுபோனால் என்ன செய்வது என்று நானும்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் எல்லாரையும் ஓரளவு எடை போடுகிறோம். எடை போட்டதை எதிரில் இருப்பவரிடம் சொல்லி, தன்னையும் அதே தட்டில் ஏற்றுகிறாரா என்பதுதான் எனக்கு முக்கியம். பங்சாரில் சந்தித்தவர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "உங்க வேலை நிலைமை எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு" என்று சொல்லியிருந்தால் அவர்மேல் எனக்கு மரியாதை இருந்திருக்கும்.

தம்பிக்கு வேலை கன்பர்ம் கடிதம் வந்துவிட்டது. போன வாரம் வீட்டில் பேச்சை எடுத்தேன். கடனை அவன் பேருக்கு மாற்றினால் அவன் சம்பளத்தை வைத்து வங்கி புதிதாகப் பரிசீலிக்கும், வழக்கறிஞர் கட்டணம் ஆகும், என் பங்கை அவனுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு முத்திரை வரி வருமா என்றும் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "வீடு உன் பேர்ல இருக்கிறதுதான்மா உனக்குப் பாதுகாப்பு" என்கிறார். அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. அதை அப்படியே கிள்ளான்காரரிடம் சொன்னேன். "சரி, அப்பா சொல்றதையும் வச்சுக் கணக்குப் பார்ப்போம். அவசரமில்ல" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய சம்பளச் சீட்டுகளோடு வருகிறார். ஓவர்டைம் இல்லாத மாதத்துச் சீட்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.